காசு கட்டிப் பரப்பும் பதிவுக்குக் கேப்ஷன் எழுதுவது எப்படி?

கேள்வி:

வணக்கம் சார். தஞ்சாவூரில் வீட்டிலேயே சத்துமாவு அரைத்து, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூலம் விற்கிறேன். போன மாதம் போட்ட ஒரு பதிவுக்கு 300 லைக்குக்கு மேல் வந்தது. அந்த வாரமே 40 பேர் ஆர்டர் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையில் அதே பதிவை 2,000 ரூபாய் கட்டி ஐந்து நாளைக்கு பூஸ்ட் செய்தேன். முதலில் நிராகரித்தார்கள். குழந்தை எடை பற்றிய வரியை எடுத்துவிட்டுக் கொடுத்ததும் ஓடியது. லைக் நிறைய வந்தது, ஆர்டர் வந்தது இரண்டுதான். மெசேஜில் வந்தவர்களும் “என்ன விலை”, “எந்த ஊர்” என்று கேட்டதோடு சரி, திரும்ப வரவில்லை. விளம்பரத்துக்குக் கேப்ஷன் சின்னதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நீளத்தைக் குறைத்தால் போதுமா, எழுதும் விதத்தையே மாற்ற வேண்டுமா? நான் போட்ட கேப்ஷன் இதுதான்:

“நேத்து லைவ்ல சொன்ன மாதிரி நம்ம அத்தையோட சத்துமாவு மறுபடியும் வந்தாச்சு மக்களே! போன தடவ கிடைக்காதவங்க எல்லாம் என்னைத் திட்டித் தீர்த்துட்டீங்க. இந்தத் தடவ ரெண்டு மடங்கு அரைச்சிருக்கோம். உங்க குழந்தைக்கு எடை ஏறலையா? ஆறு மாசக் குழந்தையில இருந்து தாத்தா பாட்டி வரைக்கும், சுகர் இருக்கிறவங்களும் சாப்பிடலாம். 22 வகை தானியம், பயறு. எல்லாம் முளைகட்டி, வெயில்ல காயவச்சு, வறுத்து அரைச்சது. சர்க்கரை, பால் பவுடர் கிடையாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் ஆர்டர். விலைக்கு மெசேஜ் பண்ணுங்க, லிங்க் பயோல இருக்கு. உங்க வீட்டுல யாரு சத்துமாவு பிரியர்? அவங்களை டேக் பண்ணுங்க! #சத்துமாவு #தஞ்சாவூர் #வீட்டுத்தயாரிப்பு”

பதில்:

வணக்கம் சகோதரி. கேப்ஷனை அப்படியே அனுப்பியது நல்லதாயிற்று. அதை வைத்தே பேசலாம்.

முதலில் உங்கள் மனதில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தக் கேப்ஷன் மோசமானது என்று நினைக்காதீர்கள். உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு இது அருமையான கேப்ஷன். “அத்தையோட சத்துமாவு” என்றால் அவர்களுக்குத் தெரியும். லைவ் பார்த்திருக்கிறார்கள், போன தடவை தீர்ந்துபோனதும் தெரியும், விலையும் ஏறக்குறைய தெரியும். அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: திரும்ப வந்துவிட்டது என்ற செய்தி. அதை முதல் வரியிலேயே சொன்னீர்கள், 40 ஆர்டர் வந்தது.

பூஸ்ட் செய்ததும் அதே எழுத்து உங்களை அறியாதவர்கள் முன்னால் போய் நின்றது. அவர்களுக்கு “நேத்து லைவ்” எது, “நம்ம அத்தை” யார் என்று தெரியாது. யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது போல இருந்திருக்கும். படம் நன்றாக இருந்ததால் லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: நீளத்தைக் குறைப்பது இரண்டாவது வேலை. யாரிடம் பேசுகிறோம் என்பதை மாற்றுவதுதான் முதல் வேலை. அதைச் சரியாகச் செய்தால் நீளம் பாதி தானாகவே குறைந்துவிடும்.

நீளத்தைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷன் 2,200 எழுத்துக்குறிகள் வரை போகலாம். ஆனால் ஃபீடில் ஓடும்போது முதல் இரண்டு வரி போலத்தான் கண்ணுக்குத் தெரியும். மிச்சமெல்லாம் more அல்லது See more என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விளம்பர எழுத்துக்கு, இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டா நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவந்த அளவு 125 குறிகள். அதற்கு மேல் எழுதினால் வெட்டுப்படலாம் என்பதுதான் அதன் பொருள். அதற்கு மேல் எழுதவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே தமிழில் எழுதும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. “வணக்கம்” என்ற சொல்லில் நாம் எண்ணுவது ஐந்து எழுத்து. கணினி எண்ணுவது ஏழு, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் தனிக் குறி. கால், கொம்பு, சுழி எல்லாமே அப்படித்தான். போதாததற்கு நம் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. அதனால் 125 குறி என்பது தமிழில் 12 முதல் 16 சொற்களுக்குள் முடிந்துவிடும். ஆங்கில விளம்பரங்களைப் பார்த்து “இரண்டு மூன்று வாக்கியம் எழுதலாம்” என்று கணக்குப் போட்டால் நமக்கு ஒன்றரை வாக்கியத்திலேயே திரை முடிந்துபோகும். பூஸ்ட் செய்த பதிவு ஸ்டோரியிலும் காட்டப்படலாம், அங்கே எழுத்துக்கு இடம் இன்னும் குறைவு.

இப்போது உங்கள் கேப்ஷனில் முதல் 125 குறிகளை மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்கள். “நேத்து லைவ்ல சொன்ன மாதிரி நம்ம அத்தையோட சத்துமாவு மறுபடியும் வந்தாச்சு மக்களே! போன தடவ கிடைக்காதவங்க எல்லாம் என்னைத் திட்டித்...” என்பதோடு முடிகிறது. முன்பின் தெரியாத ஒருவருக்கு இதில் பயன்படும் ஒரே சொல் “சத்துமாவு”. எதில் செய்தது, எவ்வளவு, எங்கிருந்து வருகிறது, எதுவும் இல்லை. அந்த வரிகளைக் காட்டத்தான் 2,000 ரூபாய் செலவழித்திருக்கிறீர்கள். 22 வகை தானியம், முளைகட்டியது, சர்க்கரை கிடையாது என்ற நல்ல சரக்கெல்லாம் மறைந்த பகுதிக்குள் போய்விட்டது.

அதனால் நான் எழுதும்போது கேப்ஷனை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். தெரியும் பகுதி, மறையும் பகுதி. தெரியும் பகுதி தனியாக நின்றாலே ஒருவர் பொத்தானை அழுத்தும் அளவுக்கு விஷயம் இருக்க வேண்டும். மறையும் பகுதி, கொஞ்சம் ஆர்வம் வந்து மேலும் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு. அவர் ஏற்கெனவே ஒரு தொடுதலைச் செலவழித்துவிட்டார், அதனால் அங்கே அவசரம் வேண்டாம்.

உங்கள் சத்துமாவுக்கு நானாக இருந்தால் தெரியும் பகுதியை இப்படி எழுதுவேன். விலையை நானே போட்டிருக்கிறேன், உங்கள் விலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

“22 வகைத் தானியமும் பயறும் முளைகட்டி அரைத்த சத்துமாவு. சர்க்கரை, பால் பவுடர் கலக்காதது. அரை கிலோ ₹280, தமிழ்நாடு முழுவதும் கூரியர்.”

எண்ணினால் 130 குறிக்குப் பக்கம் வரும். 125ஐக் கொஞ்சம் தாண்டுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். வெட்டுப்பட்டாலும் போவது கடைசிச் சொல்தான். பொருள் என்ன, எதில் செய்தது, எது கலக்கவில்லை, எவ்வளவு விலை, எதுவரை அனுப்புவீர்கள் என்ற வரிசையே அதற்காகத்தான். எது போனாலும் பரவாயில்லையோ அதைக் கடைசியில் வைக்க வேண்டும். “அத்தை” இங்கே வரவில்லை, “மக்களே” வரவில்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. உற்சாகம் குறைந்துவிட்டதே என்று உங்களுக்குத் தோன்றலாம். தெரிந்தவரின் உற்சாகம் நம்மைத் தொற்றிக்கொள்ளும், ஆனால் தெரியாதவர் அதே குரலில் பேசினால் எதையோ தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் படும். Sponsored என்ற சொல்லை வேறு மேலே பார்த்துவிட்டுத்தான் அவர் படிக்கிறார்.

விலையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். “விலைக்கு மெசேஜ் பண்ணுங்க” என்பது சாதாரணப் பதிவில் ஓரளவு வேலை செய்கிறது. உங்களைத் தெரிந்தவர் கூச்சமில்லாமல் கேட்பார், பேச்சு அப்படியே ஆர்டரில் போய் முடியும். காசு கட்டும் பதிவில் அதே வரி இரண்டு வகையில் நஷ்டம். வாங்கக்கூடியவர்கள் சிலர் “விலை சொல்லவில்லை என்றால் அதிகமாகத்தான் இருக்கும்” என்று கேட்காமலே போய்விடுவார்கள். வாங்க முடியாதவர்கள் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள், அந்த மெசேஜுக்கும் சேர்த்து நீங்கள்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு வந்த “என்ன விலை”, “எந்த ஊர்” மெசேஜ்கள் கேப்ஷன் சொல்லாமல் விட்டதன் பட்டியல். விளம்பரம் ஓடும்போது முதலில் வரும் பத்து மெசேஜ்களின் முதல் கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஒரே கேள்வி மூன்று தடவை வந்தால் அதன் பதில் கேப்ஷனின் முதல் வரிகளில் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை வேறு இல்லை.

மறையும் பகுதிக்கு வருவோம்.

“கேழ்வரகு, கம்பு, சிவப்பரிசி, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் ஊறவைத்து முளைகட்டி, வெயிலில் காயவைத்து, வறுத்து அரைக்கிறோம். முழுப் பட்டியல் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் தயாராகிறது, எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு பெற்றது. ஆர்டர் கிடைத்த மறுநாள் கூரியரில் போடுவோம். அரை கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டுகள் உண்டு. எந்த அளவு வேண்டும் என்பதையும் உங்கள் பின்கோடையும் கீழே உள்ள பொத்தானை அழுத்தி அனுப்புங்கள்.”

தானியங்களின் பெயரை உங்கள் பாக்கெட்டில் உள்ளபடி போடுங்கள். மறுநாள் அனுப்ப முடியாதென்றால் எத்தனை நாள் ஆகுமோ அதைச் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு இருந்தால் மட்டும் அந்த வரியைப் போடுங்கள், இல்லையென்றால் விளம்பரத்துக்கு முன்னால் அதை எடுத்துவிடுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு இந்தத் தகவல் எதுவும் தேவைப்படவில்லை. புதியவருக்கு உங்களை நம்ப வேறு பிடிமானம் கிடையாது.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். “மெசேஜ் பண்ணுங்க” என்று மட்டும் சொன்னால் பலர் “ஹாய்” என்று போட்டுவிட்டு நிற்பார்கள். அளவும் பின்கோடும் அனுப்பச் சொன்னால் அவர்கள் பாதி ஆர்டர் கொடுத்த மாதிரி. நீங்களும் கூரியர் செலவைச் சேர்த்து ஒரே பதிலில் முடித்துவிடலாம்.

இதோடு ஒட்டியே இன்னொன்று. உங்கள் பழைய கேப்ஷன் ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்கிறது. மெசேஜ் பண்ணு, பயோவுக்குப் போ, கேள்விக்குப் பதில் சொல், ஆளை டேக் பண்ணு. போதாததற்கு மூன்று ஹேஷ்டேக். பின்தொடர்பவர்கள் அவரவருக்குப் பிடித்ததைச் செய்வார்கள், அதனால் சாதாரணப் பதிவில் பெரிய கெடுதல் இல்லை. பூஸ்ட் செய்த பதிவில் கீழே ஒரு பொத்தான் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பூஸ்ட் செய்யும்போது நீங்கள் எந்த நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ற பொத்தான் அது. கேப்ஷன் அந்தப் பொத்தானைத் தவிர வேறெங்கும் ஆளை அனுப்பக் கூடாது. பொத்தான் Send message என்று இருக்கும்போது கேப்ஷன் “லிங்க் பயோல” என்றால், அவர் பொத்தானை விட்டுவிட்டு உங்கள் பக்கத்துக்குப் போய், அங்கே லிங்கைத் தேடி, பாதி வழியில் வேறொரு வீடியோவில் மாட்டிக்கொள்வார். ஹேஷ்டேக்கும் அப்படித்தான். தொட்டால் வேறு யாருடைய சத்துமாவு பதிவுகளுக்கோ கொண்டுபோய்விடும். சாதாரணப் பதிவில் புதியவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க அது உதவலாம். காசு கட்டும் பதிவில் யாருக்குக் காட்ட வேண்டும் என்பதை நீங்கள் ஊர், வயது, ஆர்வம் பார்த்து ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். அங்கே ஹேஷ்டேக்குக்கு வேலை இல்லை, எடுத்துவிடுங்கள்.

நீங்கள் எந்த நோக்கத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கடிதத்தில் சொல்லவில்லை. லைக் நிறைய வந்ததைப் பார்த்தால், லைக்கும் கமெண்டும் கூடும் நோக்கத்தில் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் லைக் போடும் பழக்கம் உள்ளவர்களைத் தேடித்தான் அது காட்டியிருக்கும், கேப்ஷன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆர்டர் குறைவாகத்தான் வரும். அடுத்த முறை மெசேஜ் நோக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கேப்ஷனும் அதே வேலையைச் சொல்லும்படி எழுதுங்கள்.

“டேக் பண்ணுங்க” பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. இப்படி டேக் பண்ணு, ஷேர் பண்ணு, கமெண்டில் எண்ணைப் போடு என்று தூண்டும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. அதனால் சாதாரணப் பதிவிலும் அதை விட்டுவிடுவது நல்லது. “நீங்கள் கஞ்சியாகக் குடிப்பீர்களா, உருண்டை பிடிப்பீர்களா?” என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேளுங்கள். அந்த மாதிரிக் கேள்வி சாதாரணப் பதிவின் சொத்து. விளம்பரத்தில் மட்டும் வேண்டாம், ஏனென்றால் பதில் சொல்லிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

இப்போது நிராகரிப்பு விஷயம். எந்த வரியால் என்று உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது, காரணத்தையும் தெரிந்துகொண்டால் அடுத்த தடவை தப்பு வராது. மெட்டாவின் விளம்பர விதிகளில், படிப்பவரின் சொந்த விவரம் தெரிந்த மாதிரி அவரைப் பார்த்துப் பேசக் கூடாது என்று ஒன்று உண்டு. உடல்நலம், வயது, மதம், பண நிலைமை எல்லாம் அதில் அடக்கம். “உங்களுக்குச் சுகரா?”, “உங்கள் குழந்தைக்கு எடை ஏறலையா?” என்ற கேள்விகள் எதிரில் இருப்பவரின் உடல்நிலையைச் சுட்டுவதால் மாட்டிக்கொள்ளும். சாதாரணப் பதிவு இந்தச் சோதனைக்குப் போவதில்லை. பூஸ்ட் செய்தால் கட்டாயம் போகும். அது பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் விளம்பரத்தில் படிப்பவரை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றிப் பேசுங்கள். “உங்க” என்று தொடங்கிக் கேள்விக்குறியில் முடியும் வாக்கியம் வந்தாலே நிறுத்தி ஒருமுறை யோசியுங்கள்.

ஆனால் உங்கள் கேப்ஷனில் மெட்டாவின் விதியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அது ஓடிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். “ஆறு மாசக் குழந்தையில இருந்து” என்று எழுதியிருக்கிறீர்கள். தாய்ப்பாலோடு சேர்த்து இரண்டு வயது வரைக்குமான குழந்தைகளுக்குக் கொடுக்கும் உணவு என்று எதையும் விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. குழந்தைப் பால் மாற்று, பால் புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றுக்கான சட்டம் அது, 2003இல் இன்னும் இறுக்கினார்கள். பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து வந்தது என்றாலும் வீட்டுத் தயாரிப்புக்கு அதில் விலக்கு இல்லை. “சுகர் இருக்கிறவங்களும் சாப்பிடலாம்” என்பதும் அப்படித்தான். ஒரு உணவு நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்ற மாதிரிச் சொல்வதை எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நீங்கள் நோய் குணமாகும் என்று சொல்லவில்லைதான். ஆனாலும் முளைகட்டிய தானிய மாவும் மாவுச்சத்துதான், அதைக் குடித்தால் ஒருவருக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. இந்த இரண்டு வரிகளையும் விளம்பரத்திலிருந்து மட்டுமல்லாமல் சாதாரணப் பதிவுகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். 40 பேர் பார்த்தாலும் சரி, 40,000 பேர் பார்த்தாலும் சரி, உங்கள் பெயரில் இருப்பது உங்கள் பொறுப்புதான்.

அப்புறம் நாள் கிழமை. “நேத்து”, “ஞாயித்துக்கிழமை வரைக்கும்”. சாதாரணப் பதிவைப் பெரும்பாலோர் முதல் ஒன்றிரண்டு நாளில் பார்த்துவிடுவார்கள், அதனால் இந்தச் சொற்கள் அங்கே பொருந்தும், வேகத்தையும் கொடுக்கும். பூஸ்ட் செய்த பதிவை ஒருவர் முதல் நாளும் பார்க்கலாம், ஐந்தாம் நாளும் பார்க்கலாம். திங்கட்கிழமை பார்ப்பவருக்கு “ஞாயிறு வரை” என்றால், போன ஞாயிறா, வருகிற ஞாயிறா? முடிந்துபோனது என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வார்கள். கடைசி நாள் உண்மையாகவே இருந்தால் தேதியைப் போடுங்கள், விளம்பரத்தை அதற்கு ஒரு நாள் முன்னதாகவே முடியும்படி வையுங்கள். இல்லாத கடைசி நாளை விளம்பரத்துக்காக உண்டாக்க வேண்டாம். அடுத்த மாதம் அதே ஆள் அதே வரியைப் பார்த்தால் விலையையும் நம்ப மாட்டார்.

பேச்சு வழக்கில் எழுதலாமா என்று கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் கேப்ஷனைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. தஞ்சாவூர்ப் பேச்சில் நீங்கள் எழுதுவது உங்கள் பக்கத்துக்கு அழகு, அதை மாற்றாதீர்கள். விளம்பரத்தின் முதல் இரண்டு வரியில் மட்டும் எளிய எழுத்துத் தமிழ் நல்லது என்பது என் அபிப்பிராயம். கோயம்புத்தூரிலும் நாகர்கோவிலிலும் இருப்பவர் ஒரே பார்வையில் படித்து முடிக்க வேண்டும். பேச்சு வழக்கில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால் பழக்கமில்லாத கண் ஒரு நொடி தடுக்கும். அந்த ஒரு நொடியில் அவர் விரல் நகர்ந்துவிடும். மெசேஜில் வந்து பேசத் தொடங்கிய பிறகு உங்கள் வழக்கப்படியே பேசுங்கள்.

சரி, இரண்டு கேப்ஷனும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்றால் அதை எப்படிச் செய்வது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். Boost post என்பது ஏற்கெனவே போட்ட பதிவை அப்படியே எடுத்துக்காட்டுவது. பார்ப்பவர்கள், பணம், நாள், பொத்தான் இவற்றை மாற்றலாம், எழுத்து பதிவில் உள்ளதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது எழுத்தைத் திருத்த நினைத்தால் விளம்பரத்தை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருக்கும், பரிசீலனையும் மறுபடி நடக்கும். உங்களுக்கு அது ஒரு தடவை நடந்தும்விட்டது. ஆகவே திருத்தம் எல்லாம் பூஸ்ட் செய்வதற்கு முன்னால்.

உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய பதிவைத் தொடாமல், விளம்பரத்துக்கென்றே புதிய படத்தோடு இன்னொரு பதிவு போட்டு அதை பூஸ்ட் செய்வது. உங்கள் பக்கத்தில் இரண்டு சத்துமாவுப் பதிவு இருக்கும், ஒரு வாரம் இடைவெளி விட்டால் பின்தொடர்பவர்களுக்கு உறுத்தாது. இரண்டாவது வழி Ads Manager. அங்கே பக்கத்தில் வராமலேயே விளம்பரத்துக்கு மட்டும் தனி எழுத்து கொடுக்கலாம், பல எழுத்துகளைப் பக்கத்துப் பக்கமாக ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆனால் பழைய பதிவில் உள்ள லைக்கும் கமெண்டும் அதோடு வராது. “அத்தை கைப்பக்குவமே தனி” என்று நாலு பேர் எழுதியிருப்பது புதியவருக்கு நம்பிக்கை தருமே என்று இழப்பாகத் தோன்றும். உங்கள் அளவு பணத்துக்கு முதல் வழியே போதும் என்பேன். புதிய பதிவைப் போட்டு இரண்டு நாள் சும்மா விடுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் உண்மையாகவே நாலு வார்த்தை எழுதுவார்கள், யாராவது விலை, கூரியர் பற்றிக் கேட்டால் கமெண்டிலேயே பதில் போடுங்கள். அதற்குப் பிறகு பூஸ்ட் செய்தால் அந்தக் கமெண்டுகளும் சேர்ந்தே போகும்.

இதில் ஒரு எச்சரிக்கை. “நன்றாகப் போன பதிவை பூஸ்ட் செய்” என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் நன்றாகப் போனது என்று பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது. படமோ பொருளோ காரணம் என்றால் பூஸ்ட் செய்யலாம். உங்கள் மேல் உள்ள பிரியம் காரணம் என்றால் அது புதியவர்களிடம் செல்லாது. கமெண்டுகளைப் படித்தாலே தெரிந்துவிடும். “வேணும்”, “எப்போ வரும்” என்பவை ஒரு வகை, “வாழ்த்துகள்”, “அத்தையைக் கேட்டதா சொல்லுங்க” என்பவை இன்னொரு வகை.

விளம்பரத்தில் நீளமாகவே எழுதக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. 280 ரூபாய்ப் பொருளை ஒருவர் ஒரு நிமிடத்தில் முடிவு செய்வார், அவருக்குச் சின்னது போதும். 15,000 ரூபாய் கட்டித் தையல் வகுப்பில் சேர வேண்டும் என்றால் அவருக்கு நூறு சந்தேகம் வரும், நீளமான கேப்ஷனை உட்கார்ந்து படிப்பார். அங்கேயும் முதல் இரண்டு வரி சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும், மறையும் பகுதி மட்டும் எவ்வளவு தேவையோ அவ்வளவு நீளலாம்.

அடுத்த முறை ஓடி முடிந்ததும் எண்களைப் பார்ப்பீர்கள். Ads Manager-இல் Clicks (all) என்று ஒரு எண் இருக்கும். See more-ஐத் தொட்டது, லைக் போட்டது, உங்கள் பெயரைத் தொட்டது எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அதைப் பார்த்து மகிழ வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது தொடங்கிய மெசேஜ் உரையாடல் எத்தனை, ஒன்றுக்கு எவ்வளவு செலவு. அதற்குப் பக்கத்தில் உங்கள் நோட்டில், அதில் எத்தனை ஆர்டரானது. மெசேஜே வரவில்லையென்றால் தெரியும் பகுதியில் கோளாறு, அல்லது படத்தில். மெசேஜ் வந்து ஆர்டர் ஆகவில்லையென்றால் விலையோ கூரியரோ அதில் சொல்லாமல் விட்டது ஏதோ இருக்கிறது, அல்லது நீங்கள் பதில் சொல்ல நேரமாகிறது.

இரண்டு விதமாக எழுதிப் பார்க்க விரும்பினால் படத்தையும் பார்ப்பவர்களையும் மாற்றாமல் முதல் வரியை மட்டும் மாற்றுங்கள். ஒன்று “22 வகை” என்று தொடங்கட்டும், இன்னொன்று “சர்க்கரை, பால் பவுடர் கலக்காத சத்துமாவு” என்று தொடங்கட்டும். ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துப் போட்டு, ஒன்றில் ஐந்து மெசேஜ், மற்றதில் மூன்று வந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அது தற்செயலாகவே நடக்கும். ஒன்றில் பதினைந்து, மற்றதில் மூன்று என்றால் முதலாவதை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் அதையே போடுங்கள்.

அந்தப் பழைய கேப்ஷனிலிருந்து சட்டச் சிக்கல் உள்ள இரண்டு வரிகளையும் இன்றே எடுத்துவிடுங்கள். புதிய பதிவுக்கு எழுதியதை பூஸ்ட் செய்யும் முன் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.